பத்து லட்ச ரூபாய் பில்: வங்கியில் டிஸ்கவுண்ட் செய்வதா, கடன் வாங்குவதா, பார்ட்டியிடமே கேட்பதா?

ஈரோட்டு நூல் வியாபாரி ஒருவர், கரூரில் படுக்கை விரிப்பு தயாரிக்கும் நிறுவனத்துக்குப் பத்து லட்ச ரூபாய்க்கு நூல் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பணம் 90 நாள் தவணை. வாய்ப்பேச்சோடு விடாமல் 2025 ஜூன் 12 தேதியிட்டு ஒரு மாற்றுச் சீட்டு, அதாவது பில், எழுதி அனுப்ப, கரூர்க்காரரும் அதை ஏற்றுக் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தந்துவிட்டார். ஜூலை 1ஆம் தேதி மில்லுக்குக் கட்ட வியாபாரிக்குப் பணம் வேண்டும். கையில் இருப்பது இந்த பில்தான்.

அவருக்கு முன்னால் நான்கு வழிகள். முதல் வங்கி 11.75 சதவீதத்தில் பில்லை டிஸ்கவுண்ட் செய்து தரும், அதாவது கழிவைப் பிடித்துக்கொண்டு மீதிப் பணத்தை இப்போதே தரும். ஆனால் ஒரு பில்லுக்குக் கையாளும் கட்டணம் 1,500 ரூபாய். இரண்டாவது வங்கி 12 சதவீதம் கேட்கிறது, கட்டணம் கிடையாது. மூன்றாவது வழி கடன்: கேஷ் கிரெடிட் கணக்கில் 12.25 சதவீத வட்டிக்கு எடுத்துக்கொள்ளலாம். நான்காவது, கரூர்க்காரரே சொல்வது: "இப்பவே கட்டிடறேன், ரெண்டேகால் பர்சென்ட் கழிச்சுக்கலாமா?"

காகிதத்தில் பார்த்தால் 11.75 மலிவு, 12 நடுத்தரம், 12.25 விலை அதிகம், 2.25 என்பது வேறு வகை எண், அதை எதோடும் சேர்த்துப் பார்க்கவே முடியாது. கணக்கைப் போட்டு முடிக்கும்போது இந்த வரிசை கிட்டத்தட்டத் தலைகீழாக நிற்கும்.

முதலில் பில் என்றைக்குத் தீரும் என்று பார்க்க வேண்டும். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். 1881ஆம் ஆண்டு செலாவணி முறிச் சட்டப்படி, பில் எழுதிய நாளை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து எண்ண வேண்டும். ஜூனில் 18 நாள், ஜூலையில் 31, ஆகஸ்டில் 31, ஆக 80. மீதி 10 நாள் செப்டம்பரில். எனவே 90ஆம் நாள் செப்டம்பர் 10. அதோடு மூன்று சலுகை நாட்களைக் கூட்டினால் செப்டம்பர் 13. அது சனிக்கிழமை, அதுவும் இரண்டாம் சனிக்கிழமை. 2015 செப்டம்பரிலிருந்து இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் வங்கிகளுக்குப் பொது விடுமுறை. தீரும் நாள் பொது விடுமுறையில் விழுந்தால் அதற்கு முந்தைய வேலை நாளில் பில் தீரும் என்கிறது அதே சட்டம். அடுத்த வேலை நாள் அல்ல. ஆக, செப்டம்பர் 12, வெள்ளி.

ஜூலை 1 முதல் செப்டம்பர் 12 வரை 73 நாள். 365இல் சரியாக ஐந்தில் ஒரு பங்கு. உதாரணத்துக்கு இந்தத் தேதிகளை நான் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான், மனக்கணக்காகவே போட்டுவிடலாம். வங்கி 13ஆம் தேதி வரை என்று எண்ணி 74 நாள் போட்டாலோ, டிஸ்கவுண்ட் செய்த நாளையும் தீரும் நாளையும் இரண்டையும் சேர்த்து எண்ணினாலோ ஒரு நாளுக்கு 329 ரூபாய் கூடுதலாகப் போகும். சின்னத் தொகைதான். ஆனால் மாதம் பத்துப் பில் போகிற இடத்தில் சின்னத் தொகை இல்லை. வங்கி தரும் கணக்குச் சீட்டில் முதலில் பார்க்க வேண்டியது நாள் எண்ணிக்கை.

இடையில் ஒரு வார்த்தை. நூல் விற்றவர் வியாபாரி என்பதால்தான் இந்த 90 நாள் தவணை செல்லுகிறது. அவரே ஒரு குறு அல்லது சிறு உற்பத்தியாளராகப் பதிவு செய்தவர் என்றால், 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டத்தில் தவணைக்கு 45 நாள் என்ற உச்ச வரம்பு இருக்கிறது. அப்போது கதையே வேறு.

சரி, இரண்டாவது வங்கியின் கணக்கிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் நேரான கணக்கு. பத்து லட்சத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் 1,20,000. ஐந்தில் ஒரு பங்கு ஆண்டுக்கு 24,000. இதை வங்கி முதலிலேயே பிடித்துக்கொள்ளும். வியாபாரி கணக்கில் வரவு 9,76,000. செப்டம்பர் 12 அன்று கரூர்க்காரர் வங்கியிடம் முழுப் பத்து லட்சத்தைக் கட்டுவார்.

இப்போது வங்கியின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். அது போட்ட பணம் எவ்வளவு? பத்து லட்சம் இல்லை, 9,76,000. அந்தப் பணத்துக்கு 73 நாளில் கிடைத்தது 24,000. வகுத்தால் 2.459 சதவீதம், ஆண்டுக்கு ஐந்தால் பெருக்கினால் 12.295 சதவீதம். சொன்னது 12, வாங்கியது ஏறக்குறைய 12.3. சந்தை வட்டிக்காரர் ஆயிரம் ரூபாய்க் கடனுக்கு நூறைப் பிடித்துக்கொண்டு தொள்ளாயிரத்தைக் கையில் கொடுப்பதும் இதே வேலைதான். வங்கியில் விகிதம் குறைவு, காகிதம் அதிகம், அவ்வளவே வித்தியாசம். கழிவு விகிதம் என்பது நம் கைக்கு வராத பணத்துக்கும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. வட்டி விகிதம் வாங்கிய பணத்துக்கு மட்டும். இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது.

மாற்றும் சூத்திரம் எளிது. d என்பது கழிவு விகிதம், t என்பது ஆண்டில் எத்தனை பங்கு, y என்பது கடன் தந்தவருக்கு உண்மையில் கிடைக்கும் வருவாய் விகிதம்:

```
y = d / (1 - d × t)
0.12 / (1 - 0.12 × 0.2) = 0.12 / 0.976 = 0.12295
```

போட்டித் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு இதன் இன்னொரு முகம் நினைவிருக்கும். வட்டியை வாங்கிய பணத்துக்கு மட்டும் போட்டால், பத்து லட்சத்தின் இன்றைய மதிப்பு 10,00,000 / 1.024, அதாவது 9,76,562 ரூபாய் 50 காசு. வங்கி தந்தது 9,76,000. வித்தியாசம் 562 ரூபாய் 50 காசு. பாடப் புத்தகம் வங்கியர் ஆதாயம் என்று சொல்வது இதைத்தான்.

அந்த 73 நாளில் வந்த பணத்தை வங்கி திரும்ப அடுத்த பில்லில் போடும், அதுவும் ஆண்டுக்கு ஐந்து முறை. அப்படிக் கூட்டு வட்டியாகப் பார்த்தால் வருவாய் 12.91 சதவீதம் வரை போகும். ஆனால் நம் நான்கு வழிகளும் ஒரே 73 நாளுக்கானவை என்பதால் இந்த எண் முடிவை மாற்றாது. சாதாரண வருவாய் போதும்.

இப்போது முதல் வங்கி. 11.75 சதவீதம் என்றால் கழிவு 23,500. கட்டணம் 1,500. மொத்தம் 25,000 போக, கைக்கு வருவது 9,75,000. விகிதம் குறைவாகச் சொன்ன வங்கி ஆயிரம் ரூபாய் குறைவாகத் தருகிறது! 25,000ஐ 9,75,000ஆல் வகுத்து ஐந்தால் பெருக்கினால் 12.82 சதவீதம். கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு (கழிவுத் தொகைக்குக் கிடையாது). பதிவு பெற்ற வியாபாரி அதை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம் என்பதால் இங்கே சேர்க்கவில்லை. எடுக்க முடியாதவருக்கு இன்னும் 270 ரூபாய் போகும்.

கட்டணம் எப்போது வலிக்கும், முன்கூட்டிப் பிடிப்பது எப்போது வலிக்கும் என்பதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. 12 சதவீதக் கழிவை 30 நாள் பில்லுக்குப் போட்டால் உண்மை வருவாய் 12.12தான், முன்பிடித்தத்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. 180 நாளுக்கு 12.75. ஒரு முழு ஆண்டுக்கு 13.64. நாள் நீள நீள இந்த இடைவெளி அகலும். கட்டணம் நேர் எதிர். அதே 1,500 ரூபாய் பத்து லட்ச ரூபாய் பில்லில் 30 நாளுக்கு ஆண்டு விகிதத்தில் ஏறக்குறைய 1.8 புள்ளி சேர்க்கும். 180 நாளுக்கு 0.3 புள்ளி மட்டும். பில் தொகை இரண்டு லட்சம் என்றால் இந்த எண்களை ஐந்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும். அதனால் சிறிய, குறுகிய தவணை பில்களுக்கு விகிதத்தைப் பேரம் பேசி நேரத்தைச் செலவழிப்பதைவிடக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்வதே பலன் தரும். நீண்ட தவணைக்கு விகிதத்தைப் பேசுங்கள். நம் 73 நாள் பில் நடுவில் நிற்கிறது. இங்கே கட்டணம்தான் முதல் வங்கியைத் தோற்கடித்தது.

மூன்றாவது வழி, கடன். 9,76,000 ரூபாயை 12.25 சதவீதத்தில் 73 நாளுக்கு எடுத்தால் வட்டி 23,912. இரண்டாவது வங்கி பிடித்த 24,000ஐவிட 88 ரூபாய் குறைவு. 12.25 என்ற எண் 12ஐவிட மலிவாகிவிட்டது, ஏனென்றால் அது 12.295ஐவிடக் குறைவு. நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "அப்ப சிசியிலேயே எடுத்துக்கலாமே" என்றார். அங்கேதான் ஒரு சிக்கல். கேஷ் கிரெடிட் கணக்கில் வட்டியை மாதக் கடைசியில் பற்று வைப்பார்கள். ஜூலை வட்டி 10,154 ரூபாய் அசலோடு சேர்ந்து, ஆகஸ்டில் அதற்கும் வட்டி ஓடும். ஆகஸ்ட் வட்டி 10,260, செப்டம்பரின் 11 நாளுக்கு 3,679. கூட்டினால் 24,093. இப்போது கடன் 93 ரூபாய் அதிகம். மாதாமாதம் வட்டியைக் கையிலிருந்து கட்டிவிட்டால் இந்தக் கூட்டு ஓடாது. ஆனால் அந்தப் பத்தாயிரத்தை நாம் முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும், அதற்கும் ஒரு விலை உண்டு.

ஆக, விலையில் இந்த இரண்டும் ஒன்றுதான். நூறு ரூபாய் வித்தியாசத்துக்காக முடிவெடுக்க வேண்டாம். முடிவைத் தீர்மானிப்பது வேறு விஷயம்: வரவேண்டிய பாக்கிகள் மேல் கேஷ் கிரெடிட் தரும்போது வங்கி ஒரு மார்ஜின் வைக்கும். 25 சதவீத மார்ஜின் என்றால் இந்தப் பத்து லட்சத்தைக் காட்டி எடுக்கக்கூடியது ஏழரை லட்சம்தான். மில்லுக்குக் கட்ட வேண்டியது ஒன்பது லட்சத்துக்கு மேல் என்றால் வட்டி எவ்வளவு மலிவாக இருந்து என்ன பயன்? மறுபக்கம், டிஸ்கவுண்ட் வசதிக்கும் வங்கி முன்கூட்டியே ஒரு பில் லிமிட் ஒதுக்கியிருக்க வேண்டும். ஜூலை 1 காலையில் பில்லோடு போய் நின்றால் மத்தியானம் பணம் வராது.

கடனில் ஒரு வசதி உண்டு, அதையும் சொல்ல வேண்டும். வேண்டியபோது வேண்டிய அளவு எடுத்து, வந்தபோது கட்டலாம். ஐந்து லட்சம் மூன்று வாரத்துக்குப் போதும் என்றால் பில்லைத் தொடவே வேண்டாம். பில்லை டிஸ்கவுண்ட் செய்தால் முழுத் தொகைக்கும், தீரும் நாள் வரைக்கும் விலை கொடுத்தாயிற்று.

இந்த இடத்தில் பலர் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று: கரூர்க்காரர் முன்னதாகவே வங்கியில் கட்டிவிட்டால்? மூன்று வாரம் முன்பே, அதாவது 52ஆம் நாளில் பத்து லட்சத்தையும் கட்டிவிட்டார் என்று வைப்போம். வங்கி 24,000ஐ ஏற்கெனவே எடுத்துவிட்டது. எதையும் திருப்பித் தராவிட்டால் அதன் வருவாய் 17.26 சதவீதம். மீதி 21 நாளுக்கான கழிவு 6,904 ரூபாய். அதில் எவ்வளவு திரும்பும், அது வியாபாரிக்கா கரூர்க்காரருக்கா என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைப் பொறுத்தது. முன்கூட்டிக் கட்டும் பழக்கமுள்ள பார்ட்டி என்றால், விகிதத்தில் கால் சதவீதம் குறைப்பதைவிட இந்த ஒரு வரியை எழுதி வாங்குவது மேல்.

அடுத்து, அவர் கட்டவே இல்லை என்றால்? வழக்கமான டிஸ்கவுண்டில் பில்லின் பின்புறம் வியாபாரி கையெழுத்துப் போட்டு வங்கிக்கு மாற்றித் தருகிறார். வாங்கியவர் கட்டாவிட்டால் வங்கி நேராக வியாபாரி பக்கம் திரும்பும். கணக்கில் பற்று வைப்பது வாங்கிய 9,76,000 இல்லை, பில்லின் முழு மதிப்பு 10,00,000. அதோடு தாமத நாட்களுக்கான வட்டி, மறுப்பைக் குறித்து வாங்கும் நோட்டரிச் செலவு. 15 நாள் தாமதம், அந்த நாட்களுக்கு 14 சதவீதம் என்றால் கூடுதலாக 5,753 ரூபாய். மொத்தச் செலவை 88 நாளுக்குப் பரப்பினால் 12.64 சதவீதம். விகிதமாகப் பார்த்தால் பயப்படும்படி இல்லை. முதல் வங்கியில் எல்லாம் ஒழுங்காக நடந்தால்கூட அதைவிட அதிகம் ஆகிறதே! விலையைவிட வலிப்பது, எதிர்பாராத நாளில் கணக்கிலிருந்து பத்து லட்சம் போவது. அதே வாரம் மில்லுக்கு எழுதிய காசோலை திரும்பினால் அந்தச் செலவை எந்தச் சூத்திரமும் காட்டாது. கணக்குப் புத்தகத்திலும், பில் தீரும் வரை இது சாத்தியப் பொறுப்பாகவே நிற்கும்.

பில்லுக்குப் பின்னால் வாங்குபவருடைய வங்கியின் கடன் உறுதிக் கடிதம் இருந்தால் நிலைமை மாறும். கட்ட வேண்டியது அந்த வங்கி என்பதால் டிஸ்கவுண்ட் விகிதமும் இறங்கும். நம் உதாரணத்தில் அது இல்லை. கரூர்க்காரரின் கையெழுத்து மட்டும்தான்.

இதனால்தான் நான்காவது வழியை நான் முதலில் பார்க்கச் சொல்வேன். இரண்டேகால் சதவீதம் என்றால் 22,500 ரூபாய். வியாபாரிக்குக் கிடைப்பது 9,77,500. இதிலும் ஒருவர் கடன் தருகிறார், வங்கிக்குப் பதில் கரூர்க்காரர். 73 நாள் முன்னதாகப் பணத்தைத் தருகிறார், அதற்கு 22,500 எடுத்துக்கொள்கிறார். அவருக்குக் கிடைக்கும் உண்மை வருவாய் 22,500 / 9,77,500 × 5, அதாவது 11.51 சதவீதம். நான்கில் இதுதான் மலிவு. அதைவிட முக்கியம், பணம் வந்த அன்றே பில் தீர்ந்தது. செப்டம்பரில் யாரும் திரும்பி வந்து கேட்க முடியாது. பில்லை ரத்து செய்து இருவரும் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும், அது ஒன்றுதான் மறக்கக் கூடாத வேலை.

அவர் ஏன் இப்படிக் கேட்கிறார்? அவருடைய சொந்த கேஷ் கிரெடிட் வட்டி 10 சதவீதம் என்றால், அந்தப் பணத்தை எடுத்து நமக்குக் கட்டி 11.51 சம்பாதிக்கிறார். அவர் வட்டி 13 என்றால் கேட்க மாட்டார்; அப்படியும் கேட்டால் அவருக்குக் கணக்குத் தெரியவில்லை, அல்லது அடுத்த முறை விலையில் வேறு ஏதோ கேட்கப் போகிறார். எனக்கு இதில் இருக்கும் ஒரே தயக்கம் இந்த இரண்டாவதுதான். ஒருமுறை கழித்துக் கொடுத்தால் மறுமுறை 90ஆம் நாளில் கட்டும்போதும் அதே கழிவை எதிர்பார்க்கும் பார்ட்டிகள் உண்டு. கழிவு எந்தத் தேதிக்குள் பணம் வந்தால் என்பதை பில்லோடு எழுதிவிடுவது நல்லது.

டிஸ்கவுண்டே செய்யாமல் செப்டம்பர் வரை காத்திருப்பது ஐந்தாவது வழி. மில்லுக்கு உடனே கட்டுவதால் வியாபாரிக்கு என்ன லாபம் என்பதைப் பொறுத்தது அது. மில் தனியாகக் கழிவு தருகிறது, அல்லது தாமதத்துக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் போடுகிறது என்றால் 12.3க்குப் பணம் எடுப்பதில் அர்த்தம் உண்டு. ஏற்கெனவே 11 சதவீதத்தில் ஓடும் கேஷ் கிரெடிட் பாக்கியைக் குறைப்பதற்காக பில்லை 12.3க்குத் தள்ளினால் நஷ்டம். இரண்டாவது வகைத் தவறு கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் கணக்கில் 'பாக்கி குறைந்தது' என்று நல்ல செய்தியாகவே தெரியும்.

திருப்பூர் பக்கம் டாலர் பில் வைத்திருப்பவர்கள் ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். டாலர் கணக்கில் ஆண்டுக்கு 360 நாள். 6 சதவீதம் என்று சொன்னால், 365 நாள் கணக்கில் அது 6.083. அதற்குப் பிறகுதான் முன்பிடித்தக் கணக்கு.

நம் வியாபாரிக்கு நான் சொல்வது இது: முதலில் கரூருக்குப் போன் செய்து பேசலாம். அவர் 2.25க்கு மேல் கேட்டால் எங்கே நிறுத்துவது என்பதும் தெரிந்துவிட்டது. இரண்டாவது வங்கி எடுப்பது 24,000, அதாவது பில் மதிப்பில் 2.4 சதவீதம். அதுவரை கொடுத்தாலும் வங்கிக்குச் சமம், பில் திரும்பி வரும் பயம் இல்லாததால் உண்மையில் கொஞ்சம் மேலே போனாலும் தப்பில்லை. 2.5ஐத் தாண்டினால் பில்லை எடுத்துக்கொண்டு இரண்டாவது வங்கிக்குப் போகலாம். முதல் வங்கி அந்த 1,500 ரூபாயை விட்டுக்கொடுத்தால் அதன் கழிவு 23,500தான், அதாவது 2.35 சதவீதம், அப்போது அதுவே இரண்டாவது வங்கியை முந்திவிடும். எனவே கரூருக்கு அடுத்த போன் அங்கே.